சர்வே மீட்டர்: சிபிஎம்மிலிருந்து டோஸ் ரேட் வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் இரிடியம் வைத்து வெல்டிங் மூட்டுகளைப் படமெடுக்கும் பிள்ளைகள், வேலூரில் மருத்துவமனை நியூக்ளியர் மெடிசின் பிரிவுகளில் புதிதாகச் சேர்ந்தவர்கள், காட்பாடியில் இயற்பியல் படிக்கும் மாணவர்கள் என்று மூன்று தரப்பினருக்கும் கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டர் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கேட்கிற இடம்தான் வேறு, சந்தேகம் ஒன்றேதான். அதனால் ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

கீழே வரும் கணக்குகள் எல்லாம் ஒரே மீட்டரை வைத்துத்தான். பான்கேக் என்று சொல்லும் வட்டத்தட்டு வடிவ கைகர்–முல்லர் புரோப், முன்பக்கம் மெல்லிய மைக்கா ஜன்னல், கூடவே ஊசி காட்டும் பழைய வகை மீட்டர். உங்கள் கையில் இருப்பது வேறு வகையானால் எண்கள் மாறும், முறை மாறாது.

சார், டயல்ல ரெண்டு வரிசை நம்பர் இருக்குது, பக்கத்துல ×1 ×10 ×100னு ஒரு ஸ்விட்ச். எதை எதோட பெருக்கணும்?

மேல் வரிசை பெரும்பாலும் CPM, அதாவது ஒரு நிமிடத்தில் குழாய்க்குள் பதிவான துடிப்புகளின் எண்ணிக்கை. கீழ் வரிசை mR/h அல்லது µSv/h, அதாவது அந்த இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கதிர்வீச்சு சேரும் என்ற டோஸ் ரேட். ஸ்விட்ச் எதில் நிற்கிறதோ அதை இரண்டு வரிசைக்குமே பெருக்க வேண்டும். ஊசி 200 CPM மேல் நின்று ஸ்விட்ச் ×10-ல் இருந்தால் ரீடிங் 2,000. பதிவேட்டில் எழுதும்போது பெருக்கிய எண்ணை மட்டும் எழுதாதீர்கள், எந்த ரேஞ்சில் படித்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பத்து மடங்கு தவறாகப் போன பதிவுகளைத் திருத்த உட்கார்ந்தால், ஸ்விட்ச் எங்கே இருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். துடிப்பை எண்ணுவதுதான் மீட்டர் உண்மையில் செய்யும் வேலை. கீழ் வரிசையில் உள்ள mR/h, அந்த எண்ணிக்கையை வைத்து யாரோ முன்பே போட்டுக்கொடுத்த கணக்கு. எந்தப் புரோபுக்காக, எந்தக் கதிர்மூலத்துக்காக அந்தக் கணக்கைப் போட்டார்களோ அதற்கு மட்டும்தான் அது பொருந்தும். புரோபைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் மேல் வரிசை உண்மையாகவே இருக்கும், கீழ் வரிசை பொய்யாகிவிடும்.

ஊசி ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது. 40க்கும் 65க்கும் நடுவுல ஆடுது. எதை எழுதறது?

ஆடுவதுதான் அதன் இயல்பு. அணுக்கள் நேரம் பார்த்துச் சிதைவதில்லை. ஒரு நிமிடத்தில் சராசரி 52 துடிப்பு வரும் இடத்தில், அடுத்தடுத்த நிமிடங்களை எண்ணினால் 45, 58, 50, 61 என்று வரும். எண்ணிக்கை எவ்வளவோ, அதன் வர்க்கமூலம்தான் இயல்பான ஏற்ற இறக்கம். 52-க்கு வர்க்கமூலம் ஏழு சொச்சம். ஆக 45-லிருந்து 59 வரை வருவதில் வியப்பே இல்லை, அவ்வப்போது அதையும் தாண்டும்.

விரைவாகப் பார்க்க வேண்டுமானால் ரெஸ்பான்ஸ் ஸ்விட்சை மெதுவான நிலையில் வைத்து அரை நிமிடம் பொறுத்து, ஊசி ஆடும் பரப்பின் நடுவைப் படியுங்கள். எழுதி வைக்க வேண்டிய அளவீடானால் எண்ணும் வசதியுள்ள கருவியில் பத்து நிமிடம் எண்ணிப் பத்தால் வகுங்கள். பத்து நிமிடத்தில் 520 எண்ணினால் அதன் வர்க்கமூலம் 23. பத்தால் வகுத்தால் 52, பிழை இரண்டு சொச்சம். அதே இடம், அதே மீட்டர். பொறுமை மட்டுமே கூடியிருக்கிறது, பிழையோ மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

சோர்ஸே இல்லாத ரூம்ல 50 காட்டுது. மீட்டர் கெட்டுப்போச்சா? இல்ல எங்க ஊர்ல ஏதாவது இருக்குதா?

இரண்டும் இல்லை. அதற்குப் பின்னணி என்று பெயர். வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர், சுவரிலும் தரையிலும் உள்ள பொட்டாசியம், யுரேனியம், தோரியம் எல்லாம் சேர்ந்தது அது. வேலூரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறைதான். கோட்டைச் சுவரே கருங்கல். கல் நெருங்க நெருங்கப் பின்னணி கொஞ்சம் கூடுவதை மாணவர்களே அளந்து பார்க்கலாம். கோட்டை மதிலை ஒட்டி ஒருமுறை, திறந்த மைதானத்தின் நடுவில் ஒருமுறை, தலா பத்து நிமிடம் எண்ணுங்கள். ஒரு நிமிடம் மட்டும் எண்ணினால் வித்தியாசம் அந்த ஆட்டத்திலேயே மறைந்துபோகும்.

ராணிப்பேட்டைக்காரர்கள் இதோடு இன்னொன்றும் கேட்பார்கள்: குரோமியக் கழிவு மேட்டின் மேல் வைத்தால் ஊசி ஏறுமா? குரோமியம் கெடுதிதான், நிலத்தடி நீரைக் கெடுத்திருக்கிறது. ஆனால் அது வேதியியல் நஞ்சு, கதிர்வீச்சு இல்லை. அங்கே மீட்டர் பின்னணியைத்தான் காட்டும். ஊசி ஏறவில்லை என்பதற்காக அந்த மண் பாதுகாப்பானது என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. இந்தக் கருவிக்குத் தெரியாத விஷயம் அது.

சிபிஎம்மை எதால வகுத்தா மைக்ரோசீவர்ட் வரும்? நெட்ல ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு நம்பர் சொல்றாங்க.

எல்லாருக்கும் பொதுவான எண் கிடையாது. குழாய் பெரிதானால் அதே இடத்தில் அதிகத் துடிப்பு வரும், சிறிதானால் குறையும். அதனால் ஒவ்வொரு வகைக் குழாய்க்கும் ஒரு தனி எண் உண்டு. எங்கள் பான்கேக் புரோபுக்கு, சீசியம்-137-இன் காமாவுக்கு, 1 mR/h என்பது சுமார் 3,300 CPM. 1 mR/h-ஐ மேலோட்டமாக 10 µSv/h என்று கொள்ளலாம். ஆகவே 330 CPM என்றால் 1 µSv/h. ஆன்லைனில் வாங்கும் சின்னக் கவுண்ட்டர்களில் எஸ்பிஎம்-20 என்ற குழாய் அதிகம், அதற்கு 150 முதல் 175 CPM வரை 1 µSv/h என்று வைப்பார்கள். அந்தக் குழாயின் எண்ணை எடுத்து இந்தப் புரோபுக்குப் போட்டால் விடை இரண்டு மடங்காகிவிடும். நெட்டில் வரும் சண்டையில் பாதி இதுதான்.

கணக்கு இவ்வளவே:

```
நிகர CPM = மொத்த CPM − பின்னணி CPM
டோஸ் ரேட் (µSv/h) = நிகர CPM ÷ 330
```

இரிடியம் வேலை நடக்கும் இடத்தில் கயிறு கட்டிய எல்லையில் நின்று 712 CPM படிக்கிறீர்கள், பின்னணி 52 என்று வைப்போம். நிகரம் 660, ஆக 2 µSv/h. பின்னணியைக் கழிக்காமல் விட்டிருந்தால் 2.16 வந்திருக்கும். இந்த அளவில் அது பெரிய பிழையில்லை. ஆனால் மொத்தமே 80 CPM காட்டும் இடத்தில் கழிக்க மறந்தால் விடை கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். 330 என்ற எண்ணை இங்கிருந்து எடுக்காமல், உங்கள் மீட்டரின் காலிபரேஷன் சான்றிதழிலிருந்து எடுங்கள்.

சீசியத்துக்குப் போட்ட நம்பரை டெக்னீசியத்துக்கும் போடலாமா? எங்க டிபார்ட்மென்ட்ல டெக்னீசியம்தான் அதிகம்.

போட்டால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். சீசியத்தின் காமா 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட். டெக்னீசியம்-99எம் தருவது 140. கைகர் குழாய் தன்னிடம் வந்த காமா எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்று பார்ப்பதில்லை. வந்ததா, ஒரு துடிப்பு, அவ்வளவுதான். ஆற்றல் குறைந்த காமாக்கள் குழாயின் உலோகத்தில் எளிதில் சிக்கிக்கொள்வதால், ஒரே டோஸுக்கு அவை அதிகத் துடிப்பைத் தரும். அமெரிசியம்-241-இன் 60 அருகில் இந்த மிகைப்படுத்தல் பல மடங்காகப் போகும். 140-இல் அவ்வளவு இல்லை, ஆனாலும் கண்டுகொள்ளாமல் விடும் அளவு சிறியதும் இல்லை.

இரிடியம்-192-இன் காமாக்களில் பெரும்பங்கு 300 முதல் 600 வரை, அயோடின்-131-இன் முக்கியக் காமா 364. இவற்றுக்குச் சீசியத்தின் எண்ணை வைத்துப் பார்ப்பது களத்து வேலைக்குப் போதுமானது. டெக்னீசியத்துக்கு டோஸ் ரேட்டாகவே எழுத வேண்டுமென்றால், எனர்ஜி காம்பன்சேஷன் செய்த குழாயோ அயன் சேம்பரோ வேண்டும். அப்படிச் செய்த குழாயைச் சுற்றியுள்ள மெல்லிய உலோக உறை ஆற்றல் குறைந்த காமாக்களைத் தேவையான அளவுக்குத் தடுத்து விடையைச் சமன்செய்யும். பான்கேக்கை அந்தப் பிரிவில் ‘எங்கே சிந்தியிருக்கிறது’ என்று தேட வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி அரிது.

மேஜை மேல ஒரு சொட்டு சிந்திருச்சு, 3,300 காட்டுது. அப்போ 10 மைக்ரோசீவர்ட்டுன்னு எழுதலாமா?

எழுதக் கூடாது. 330 என்ற எண் காமாவுக்கு மட்டும். சிந்திய சொட்டிலிருந்து பீட்டாவும் வந்தால், மெல்லிய ஜன்னல் வழியே நுழைந்த பீட்டா ஏறக்குறைய ஒவ்வொன்றும் துடிப்பாகிவிடும். காமாவில் குழாய் பிடிப்பதோ நூற்றில் ஒன்றுகூட இல்லை. இரண்டையும் ஒரே எண்ணால் வகுத்தால் வரும் விடைக்குப் பொருளில்லை.

அந்த இடத்துக்கு CPM என்றே எழுதுங்கள், புரோப் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதையும் சேர்த்து. துடைத்த பிறகு மறுபடி அதே உயரத்தில் அளந்து எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். காமா எவ்வளவு, பீட்டா எவ்வளவு என்று பிரித்தறிய ஒரு அலுமினியத் தகடு போதும். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

மீட்டர் பக்கத்துல ஒட்டியிருக்குற செக் சோர்ஸ் மேல வெச்சா ஊசி ஏறுது. அப்போ காலிபரேஷன் சரிதானே?

உயிர் இருக்கிறது என்று தெரிந்தது. அளவு சரி என்று தெரியவில்லை. காலிபரேஷன் என்பது கல்பாக்கம், டிராம்பே போன்ற இடங்களில் உள்ள ஆய்வகத்தில், அளவு தெரிந்த கற்றையின் முன் மீட்டரை நிறுத்தி, ஒவ்வொரு ரேஞ்சிலும் காட்டுவது சரியா என்று பார்த்துச் சான்றிதழ் தருவது. செக் சோர்ஸ் என்று நம்மிடம் இருக்கும் சின்னக் கதிர்மூல வில்லை ஏதாவது ஒரு ரேஞ்சில் ஒரே ஒரு புள்ளியைத் தொடும். ×100 ரேஞ்ச் பழுதாகியிருந்தாலும் அதற்குத் தெரியாது.

ஆனால் சரியாகப் பயன்படுத்தினால் அந்த வில்லை வேறொரு பெரிய வேலையைச் செய்யும். மீட்டர் ஆய்வகத்திலிருந்து திரும்பிய அன்றே, வில்லையை ஒரு குறித்த தூரத்தில் வைத்து நிகர CPM-ஐ எழுதி மீட்டரின் பின்னால் ஒட்டிவிடுங்கள். அதுதான் ஒப்பீட்டு ரீடிங். பிறகு வேலைக்கு எடுக்கும் ஒவ்வொரு நாளும் பேட்டரியைப் பார்த்துவிட்டு அதே தூரத்தில் வைத்து ஒப்பிடுங்கள். 20 சதவீதத்துக்குள் இருந்தால் எடுத்துப் போகலாம் என்பது பரவலாக உள்ள வழக்கம். சான்றிதழ் வாங்கிய நாளில் இருந்த மீட்டர்தானா இன்றும் கையில் இருப்பது என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டே சரிபார்க்க முடியுமா? ஒரு தடவை முழுசா போட்டுக் காட்டுங்க சார்.

முடியும். வில்லையின் சான்றிதழை எடுங்கள். எங்களுடையதில் சீசியம்-137, 5 மைக்ரோகியூரி, அதாவது 185 கிலோபெக்கரல், 2015 ஜனவரி தேதி போட்டிருந்தது. நாங்கள் சோதித்தது 2025 ஜனவரியில், பத்து ஆண்டு கழித்து. சீசியத்தின் அரை ஆயுள் 30.1 ஆண்டு. பத்து ஆண்டில் 0.794 பங்கு மிஞ்சும், ஆக 147 கிலோபெக்கரல், அதாவது 0.147 மெகாபெக்கரல். 1 மெகாபெக்கரல் சீசியம் 1 மீட்டர் தூரத்தில் தருவது 0.092 µSv/h. நாங்கள் வைத்த தூரம் 10 செ.மீ., அதாவது 0.1 மீட்டர்.

```
A = 185 × 0.5^(10 / 30.1) = 147 kBq
H = 0.092 × 0.147 / (0.1)^2 = 1.35 µSv/h
N = 1.35 × 330 = 446 CPM
```

பீட்டாவைத் தடுக்க நடுவில் 2 மி.மீ. அலுமினியத் தகடு வைத்தோம். அது காமாவிலும் சுமார் 4 சதவீதத்தைக் குறைக்கும். எனவே எதிர்பார்க்க வேண்டிய நிகரம் 430-ஐ ஒட்டி. இனி அளவீடு. வில்லையை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டுப் பத்து நிமிடப் பின்னணி: 520. வில்லையை வைத்துப் பத்து நிமிடம்: 4,870. நிகரம் நிமிடத்துக்கு 487 கழித்தல் 52, அதாவது 435. பிழை, முன்பு சொன்ன வர்க்கமூலக் கணக்குப்படி, ஏழு.

430 எதிர்பார்த்தோம், 435 வந்தது. அழகாகப் பொருந்தியது. ஆனால் இந்தப் பொருத்தத்தை அளவுக்கு மேல் நம்பக் கூடாது. விலை குறைந்த வில்லைகளின் சான்றிதழே பெரும்பாலும் கூட்டல் கழித்தல் 20 சதவீதம் என்று சொல்லும். அதற்கு மேல் துல்லியமாக இந்த வில்லையால் மீட்டரை மதிப்பிட முடியாது. கணக்கும் அளவீடும் இரண்டு மடங்கு விலகினால் ஏதோ தவறு என்று உறுதியாகச் சொல்லலாம். பத்து சதவீதம் விலகினால் யார் மேல் குற்றம் என்று சொல்ல வழியில்லை.

நானும் அதே மாதிரிதான் போட்டேன், எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு வந்துச்சு. மீட்டர் ஓவரா காட்டுதா?

தகடு வைத்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி. சீசியம் வெறும் காமா மூலம் இல்லை. முதலில் பீட்டா வருகிறது, பிறகு அந்தச் சிதைவில் உருவான பேரியத்திலிருந்து காமாவும், அதோடு 624 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்களும் வருகின்றன. வில்லையின் பிளாஸ்டிக் மெல்லிசாக இருந்தால் இவை வெளியே வந்து மைக்கா ஜன்னல் வழியே நுழைந்துவிடும். மேஜையில் சிந்திய சொட்டுக்குச் சொன்ன அதே காரணம்தான்.

ஒரு ஆய்வகத்தில் இப்படித்தான் நல்ல மீட்டர் ஒன்றைப் பழுது என்று எழுதி மூட்டைகட்டி வைத்துவிட்டார்கள். நானும் உடன் இருந்தேன், எனக்கும் உடனே தோன்றவில்லை. மறுநாள் ஒருவர் சமையலறை அலுமினியத் தட்டு ஒன்றை நடுவில் பிடித்ததும் ஊசி சரசரவென்று இறங்கியது. அதிலிருந்து எங்கள் சோதனைப் பெட்டியில் வில்லையோடு தகடும் சேர்ந்தே இருக்கும். தகடு வைத்தால் ரீடிங் நாலைந்து சதவீதம் குறைகிறதென்றால் அது காமா. தடாலென்று விழுந்தால் அது வரை நீங்கள் எண்ணியது பீட்டா.

பத்து செ.மீ.ல பத்து நிமிஷம் ஆகுது. ஒட்டி வெச்சா ஒரே நிமிஷத்துல முடிஞ்சிடுமே?

தினசரி ஒப்பீட்டுக்கு ஒட்டி வைக்கலாம், தினமும் அதே மாதிரி ஒட்டினால். கணக்குப் போட்டுச் சரிபார்க்க ஒட்டி வைக்கக் கூடாது. தூரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் விதி, வில்லையும் குழாயும் தூரத்தோடு ஒப்பிடச் சிறியவையாக இருந்தால்தான் பொருந்தும். பான்கேக்கின் ஜன்னலே நாலரை செ.மீ. அகலம். இரண்டு செ.மீ. தூரத்தில் ஜன்னலின் நடுவுக்கு ஒரு தூரம், ஓரத்துக்கு வேறு தூரம். அங்கே அந்த விதி பேசாது.

பத்து செ.மீ.யிலும் கை கவனமாக இருக்க வேண்டும். அரை செ.மீ. தள்ளிப்போனால் ரீடிங் சுமார் பத்து சதவீதம் மாறும். கையில் பிடித்துக்கொண்டு அளக்கவே கூடாது. ஒரு மரக்கட்டையில் வில்லைக்கு ஒரு பள்ளம், புரோபுக்கு ஒரு தடுப்பு, நடுவில் தகடு நிற்க ஒரு காடி. காட்பாடியில் ஒரு தச்சர் அரை நாளில் செய்து கொடுத்தது இன்றும் எங்களிடம் ஓடுகிறது.

ஒட்டி வெச்ச ஸ்டிக்கர்ல 435னு இருக்குது, இப்போ 320தான் வருது. என்ன பண்றது?

முதலில் தேதியைப் பாருங்கள். சீசியம் ஆண்டுக்கு 2.3 சதவீதம் குறையும். மூன்று ஆண்டு ஆகியிருந்தால் 435 என்பது சுமார் 406 ஆகியிருக்க வேண்டும். வில்லை கோபால்ட்-60 ஆனால் இன்னும் வேகம், ஆண்டுக்கு 12 சதவீதம். ஆனால் 320 என்பது 406-லிருந்தும் 21 சதவீதம் கீழே. ஆக எல்லையைத் தாண்டிவிட்டது.

அடுத்து பேட்டரி, பிறகு புரோபுக்கும் மீட்டருக்கும் நடுவில் உள்ள கேபிள். கேபிளை இணைப்புக்குப் பக்கத்தில் மெல்ல அசைத்துப் பாருங்கள், ஊசி துள்ளினால் குற்றவாளி அதுதான். மே மாதத்து வேலூர் வெயிலில் மூடிய வண்டிக்குள் மீட்டரைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகும் வழக்கம் இங்கே நிறைய. பேட்டரி கசிவதும் திரை கருத்துப்போவதும் அதனால்தான். அரை மணி நேரம் நிழலில் வைத்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். மைக்கா ஜன்னலில் விரிசல் இருந்தால் உள்ளே இருந்த வாயு போய்விட்டது, புரோபை மாற்றத்தான் வேண்டும். இத்தனைக்குப் பிறகும் 320 என்றால் ‘பயன்படுத்தாதே’ என்று அட்டை கட்டி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். 435-ஐ 320-ஆல் வகுத்து வரும் எண்ணால் ஒவ்வொரு ரீடிங்கையும் பெருக்கிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு ரேஞ்சில் குறைந்த மீட்டர் மற்ற ரேஞ்சில் எவ்வளவு குறைகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

சோர்ஸ் வாங்க அனுமதி, பதிவுனு அலைச்சல். பழைய பெட்ரோமாக்ஸ் மேன்டில் வெச்சுப் பார்க்கலாமா?

திருவிழாக் கடைகளில் எரிந்த பழைய மேன்டில்களில் தோரியம் உண்டு. அதனால் ஊசி ஏறும், மீட்டருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க அது போதும். கணக்குக்கு உதவாது. ஒரு மேன்டிலில் எவ்வளவு தோரியம் என்று அட்டையில் எழுதியிருக்காது. தோரியத்தைப் பிரித்தெடுத்த பிறகு அதன் வழித்தோன்றல் அணுக்கள் குறைந்து மறுபடி வளர்ந்துவருவதால், செய்த ஆண்டைப் பொறுத்து ரீடிங் மாறும். வருவதில் பெரும்பங்கு ஆல்ஃபாவும் பீட்டாவும்தான். தோரியம் இல்லாத மேன்டில்களும் கடையில் உண்டு. பொட்டாஷ் உரப் பொட்டலமும் இப்படித்தான், பொட்டாசியம்-40 இருப்பதால் ஊசி கொஞ்சம் அசையும், அதற்கு மேல் எதுவும் சொல்லாது. மேன்டில் வைத்திருந்தால் மூடிய பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள். அது பொடிந்து தூளாகி மூச்சில் போவதுதான் ஆபத்து.

கேமராவுக்குக் கிட்டப் போகப் போக ஏறிக்கிட்டே வந்த ஊசி திடீர்னு இறங்கிடுச்சு. சோர்ஸ் உள்ள போயிடுச்சுனு எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ளவே கூடாது. அங்கேயே திரும்பி நடங்கள். கேமரா என்பது இரிடியம் சோர்ஸை அடைத்து வைக்கும் கவசப் பெட்டி; படமெடுக்கும்போது சோர்ஸ் கேபிளின் நுனியில் வழிகாட்டிக் குழாய் வழியே வெளியே போய், பிறகு உள்ளே திரும்ப வேண்டும்.

கைகர் குழாய் ஒரு துடிப்பைத் தந்த பிறகு சுமார் 80 மைக்ரோ விநாடி செவிடாக இருக்கும். அந்த இடைவெளியில் வரும் காமா கணக்கில் சேராது. குறைந்த அளவில் இது தெரியாது. மீட்டர் 60,000 CPM காட்டினால் உண்மை சுமார் 65,000. 3 லட்சம் காட்டினால் உண்மை 5 லட்சம்:

```
n = m / (1 − m × τ)
5000 / (1 − 5000 × 0.00008) = 8333 cps = 500000 CPM
```

330-ஆல் வகுத்தால் மீட்டர் சொல்வது 0.9 மில்லிசீவர்ட், இருப்பதோ மணிக்கு 1.5 மில்லிசீவர்ட். பொதுமக்களுக்கு ஓர் ஆண்டு முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பு 1 மில்லிசீவர்ட். இன்னும் கிட்டப் போனால் இந்தச் சூத்திரமும் கைவிட்டுவிடும். குழாய் முழுத் துடிப்பாக எழும்ப நேரமே கிடைக்காமல் அரைகுறைத் துடிப்புகள் வரும், மீட்டர் அவற்றை எண்ணாது, ஊசி பூஜ்யத்தை நோக்கி விழும். பல கருவிகளில் இதைத் தடுக்கும் சுற்று உண்டு. உங்களுடையதில் உண்டா என்று கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் தளத்துக்குப் போக வேண்டும்.

அதனால் இரிடியம் வேலையில் மீட்டரைக் கேமராவின் பக்கத்தில் போய் ஆன் செய்யாதீர்கள். தூரத்திலேயே ஆன் செய்து, செக் சோர்ஸ் காட்டி, பின்னணி பார்த்து, பிறகு ஊசியைப் பார்த்துக்கொண்டே நடந்து போங்கள். வழியெல்லாம் ஏறிவந்த ஊசி நீங்கள் நகரும்போது விழுந்தால், இரண்டு அடி பின்னால் வையுங்கள். மறுபடி ஏறினால் சோர்ஸ் வெளியேதான் இருக்கிறது. நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்க, சோர்ஸை உள்ளே இழுக்கும் கேபிளைச் சுற்றி முடித்த பிறகு ஊசி இறங்கிப் பின்னணி அளவில் நின்றால் மட்டும் கேமராவைச் சுற்றியும் வழிகாட்டிக் குழாயின் நுனி வரையும் அளந்துகொண்டே போய்ப் பூட்டுங்கள்.